பலகை விலையும் பில் தொகையும்: நகையின் மெய்விலையைக் கணக்கிடும் முறை

ஜீவனஹள்ளியில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. சிவாஜிநகரில் கமர்சியல் தெருவை ஒட்டிய ஜுவல்லர்ஸ் தெரு அருகிலேயே உள்ளது. அவென்யூ சாலையும் நகரத்பேட்டையும் சற்றே தொலைவு. ஓசூருக்கோ சென்னைக்கோ சென்று வாங்கினால் செலவு குறையுமோ என எண்ணுவோரும் உண்டு. எங்கு சென்றாலும் நாம் முதலில் பார்ப்பது அன்றைய தங்க விலை எழுதிய பலகையைத்தான். ஆனால் அந்த விலைக்கு எந்த நகையும் விற்கப்படுவதில்லை. சேதாரம், செய்கூலி, வரி ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகு ஒரு கிராம் தங்கத்திற்கு நாம் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே ஒப்பிட வேண்டிய விலை. அதனை இக்கட்டுரையில் 'மெய்விலை' என அழைப்போம்.

பில்லில் இடம்பெறும் தொகைகள்

முதலாவது தங்கத்தின் மதிப்பு: நிகர எடையைப் பலகை விலையால் பெருக்கினால் கிடைப்பது. தமிழகத்தில் பவுன் கணக்கில் பேசிப் பழகியவர்கள், பெங்களூருக் கடைகளில் கிராம் கணக்கில் விலை சொல்லப்படுவதைக் காணலாம். ஒரு பவுன் 8 கிராம் என்பதை நினைவிற்கொண்டால் குழப்பம் இல்லை.

இரண்டாவது சேதாரம். தங்கத்தை உருக்கி, கம்பியாக இழுத்து, அராவி, மெருகேற்றும்போது சிறிதளவு தூளாகச் சிதறுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யத் தோன்றிய தொகையே சேதாரம். ஆயினும் பட்டறையில் சிதறும் தூள் பெரும்பாலும் சேகரிக்கப்பட்டு மீண்டும் உருக்கப்படுகிறது. இயந்திரத்தில் செய்யும் சங்கிலிகளில் இழப்பு இன்னும் குறைவு. எனவே இன்று பில்லில் காணப்படும் சேதார விழுக்காட்டை உண்மையான இழப்பின் அளவு எனக் கொள்ள இயலாது. அது கடையின் வேலைக்கூலியும் இலாபமும் அடங்கிய ஒரு தொகை. பேசிக் குறைக்க இடம் இருப்பதும் இங்கேதான். சில கடைகள் சேதாரம், செய்கூலி இரண்டையும் இணைத்து 'மதிப்புக் கூட்டல்' என்று ஒரே விழுக்காடாகக் குறிப்பிடுகின்றன.

மூன்றாவது செய்கூலி. இது கிராமுக்கு இவ்வளவு ரூபாய் என்றோ, விழுக்காடாகவோ இருக்கும். விழுக்காடு எனில், எதன் மீது என்று கேட்டறிய வேண்டும். 1,60,000 ரூபாய் தங்கத்திற்குச் சேதாரம் 10%, செய்கூலி 10% என்று வைத்துக்கொள்வோம். செய்கூலியைத் தங்கத்தின் மதிப்பின் மீது மட்டும் கணக்கிட்டால் 16,000 ரூபாய். சேதாரத்தையும் சேர்த்த 1,76,000 ரூபாயின் மீது கணக்கிட்டால் 17,600 ரூபாய். விழுக்காடு ஒன்றே, தொகை வேறு.

நான்காவது சரக்கு மற்றும் சேவை வரி. கடையில் ஆயத்த நகையாக வாங்கும்போது தங்கம், சேதாரம், செய்கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகை மீது 3% வரி விதிக்கப்படுகிறது. பெங்களூரில் இது மத்திய வரி 1.5%, மாநில வரி 1.5% எனப் பிரித்துக் காட்டப்படும். இவ்வரி 2017 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒன்றே. ஆதலால் ஓசூரில் வாங்கினாலும் வரி குறையாது. நம் பழைய தங்கத்தைக் கொடுத்து, அதையே நகையாகச் செய்து தரும்படி கேட்கும்போது வேலைக்கூலி மீது 5% வரி விதிக்கப்படுவது வேறு கணக்கு. பழைய நகையை மாற்றிப் புதியது வாங்கினாலோ, புதிய நகையின் முழு மதிப்பிற்கும் வரி உண்டு. கையிலிருந்து கொடுக்கும் மீதித் தொகைக்கு மட்டும் அன்று.

இறுதியாக ஹால்மார்க் கட்டணம். இது நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் அதன் மீது 18% வரியும் சேர்ந்து 53 ரூபாய் 10 காசு. எடை கூடினாலும் இக்கட்டணம் கூடாது. இப்பெயரில் பெருந்தொகை கேட்கப்பட்டால் விளக்கம் கேட்பது நம் உரிமை.

மூன்று கடைகள், ஒரே சங்கிலி

ஜீவனஹள்ளிக் குடும்பம் ஒன்று 22 காரட்டில், கல் இல்லாத 16 கிராம் சங்கிலி, அதாவது இரண்டு பவுன், வாங்க விரும்புவதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஒரு கிராம் விலை 10,000 ரூபாய் என வைத்துக்கொள்கிறோம். வாசகர்கள் அன்றன்றைய விலையை இவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

முதல் கடை, "செய்கூலி இல்லை" என்று விளம்பரம் செய்கிறது, சேதாரம் 14%. இரண்டாம் கடையில் விளம்பரம் ஏதுமில்லை. சேதாரம் 8%, செய்கூலி கிராமுக்கு 450 ரூபாய். மூன்றாம் கடை, "செய்கூலியில் 50% தள்ளுபடி" என்கிறது. கிராமுக்கு 600 ரூபாயான செய்கூலி 300 ஆகிறது, சேதாரம் 12%, பலகை விலை மட்டும் கிராமுக்கு 10,100 ரூபாய். தொகைகள் முழு ரூபாயாக்கப்பட்டுள்ளன.

| விவரம் | முதல் கடை | இரண்டாம் கடை | மூன்றாம் கடை |
|---|---|---|---|
| தங்கம், 16 கிராம் | 1,60,000 | 1,60,000 | 1,61,600 |
| சேதாரம் | 22,400 | 12,800 | 19,392 |
| செய்கூலி | 0 | 7,200 | 4,800 |
| வரி 3% | 5,472 | 5,400 | 5,574 |
| ஹால்மார்க் | 53 | 53 | 53 |
| மொத்தம் | 1,87,925 | 1,85,453 | 1,91,419 |
| ஒரு கிராமின் மெய்விலை | 11,745 | 11,591 | 11,964 |

கடைசி வரியைக் காண எளிய சூத்திரம் ஒன்றே போதும்:

மெய்விலை = மொத்தப் பில் தொகை ÷ நிகரத் தங்க எடை

செய்கூலியே இல்லாத முதல் கடையைவிட, செய்கூலி வாங்கும் இரண்டாம் கடையில் 2,472 ரூபாய் குறைவு. பாதித் தள்ளுபடி தரும் மூன்றாம் கடையே அதிகம் பெறுகிறது. இரண்டாம் கடையை நோக்க 5,966 ரூபாய் கூடுதல். அந்தப் பாதித் தள்ளுபடியின் அளவு 4,800 ரூபாய். வரிக்கு முந்தைய பில்லில் ஏறத்தாழ 2.5% மட்டுமே. அதிலும் 1,792 ரூபாயை, கிராமுக்கு 100 ரூபாய் கூடுதலான பலகை விலை திரும்ப எடுத்துக்கொள்கிறது. தள்ளுபடி என்ற சொல் காதில் விழுந்தவுடன், எந்தத் தொகையின் மீது என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

இந்த ஒப்பீடு ஒரே தூய்மையும் ஒரே வகை வேலைப்பாடும் கொண்ட நகைகளுக்கே பொருந்தும். கையால் செய்த கோயில் நகை வேலைப்பாட்டிற்கும் இயந்திரச் சங்கிலிக்கும் கூலி ஒன்றாக இராது. 22 காரட் நகையில் 916 என்னும் எண்ணும், அதனுடன் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட தனி அடையாள எண்ணும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு குறி எண் இன்றி ஹால்மார்க் நகை விற்க அனுமதி இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் பதிந்து, நகையின் வகையும் தூய்மையும் பில்லுடன் ஒத்துள்ளனவா எனக் கடையிலேயே பார்க்கலாம்.

கல் பதித்த நகையில் கவனம்

கல் பதித்த நகையில் மொத்த எடை வேறு, நிகர எடை வேறு. கல், அரக்கு, முத்து ஆகியவற்றின் எடையைக் கழித்த பின் எஞ்சுவதே நிகர எடை. 16 கிராம் மொத்த எடையில் கல் 2 கிராம் இருக்க, முழு 16 கிராமுக்கும் தங்க விலை போட்டால், அந்த 2 கிராம் கல்லுக்கு 20,000 ரூபாய் ஆகிறது. 14% சேதாரமும் 3% வரியும் அதன் மேல் ஏற, 23,484 ரூபாய். சாதாரணச் செயற்கைக் கல்லுக்குத் தங்கத்தின் விலையைக் கொடுத்ததாக முடியும். ஆகவே மொத்த எடை, கல்லின் எடை, நிகர எடை, கல்லின் விலை ஆகிய நான்கையும் பில்லில் தனித்தனியே எழுதக் கேட்க வேண்டும். மெய்விலை காணும்போது கல்லின் விலையையும் அதற்குரிய வரியையும் முதலில் கழித்துவிட்டு, மீதியை நிகர எடையால் வகுக்க வேண்டும்.

கொடுத்ததில் எவ்வளவு நிற்கும்?

இரண்டாம் கடையின் சங்கிலியையே எடுத்துக்கொள்வோம். அதே நாளில் அதனை விற்க நேர்ந்தால், பிடித்தம் ஏதுமின்றி வாங்கிக்கொண்டாலும் 1,60,000 ரூபாய்தான் கிடைக்கும். சேதாரம், செய்கூலி, வரி, ஹால்மார்க் ஆகியவற்றிற்குக் கொடுத்த 25,453 ரூபாய் திரும்புவதில்லை. விற்று முதலை மீட்க வேண்டுமானால் தங்க விலை 10,000 ரூபாயிலிருந்து 11,591 ரூபாயாக, அதாவது ஏறத்தாழ 16% உயர்ந்திருக்க வேண்டும். முதல் கடையில் வாங்கியிருந்தால் இது சுமார் 17.5%, மூன்றாம் கடையில், அதன் உயர்ந்த பலகை விலையும் சேர, ஏறத்தாழ 20%.

நகைக்கடன் பெற வங்கிக்கு வருவோர் பலருக்கு வியப்பாக இருப்பதும் இதுவே. பில்லில் 1,85,453 ரூபாய் இருக்க, மதிப்பீடு ஏன் குறைவு எனக் கேட்கிறார்கள். வங்கி மதிப்பிடுவது தங்கத்தை மட்டுமே. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நகையின் தூய்மைக்குரிய கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் இறுதி விலை ஆகிய இரண்டில் குறைவானதே அடிப்படை. கல்லின் மதிப்போ பிற செலவுகளோ சேர்க்கப்படுவதில்லை. 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுகர்வுக் கடனுக்கு மதிப்பில் 85% வரை உச்சவரம்பு உண்டு. அடிப்படை விலை 10,000 ரூபாய் எனில் நம் சங்கிலியின் மதிப்பு 1,60,000 ரூபாய். உச்சவரம்பு 1,36,000 ரூபாய். பில் தொகையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 73%. வங்கிகள் இதைவிடக் குறைவாகவும் வழங்கலாம்.

அணிவதற்காக வாங்கும் நகையில் கூலி என்பது அணியும் மகிழ்ச்சிக்குக் கொடுக்கும் விலை; அதில் தவறில்லை. பிற்காலத் தேவைக்கான சேமிப்பாகவே வாங்குவோர், சேதாரம் குறைந்த எளிய வேலைப்பாட்டைத் தேர்ந்தால் கொடுத்த பணத்தில் கூடுதலான பகுதி தங்கமாகவே நிற்கும். எந்த நோக்கமாயினும், பணம் செலுத்துமுன் பில்லின் மாதிரிக் கணக்கை எழுதி வாங்கி, மொத்தத்தை நிகர எடையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு கடைகளில் கிடைக்கும் அந்த இரண்டு எண்களை அருகருகே வைத்தால், எங்கு வாங்குவது என்பது விளங்கும்.