நம்பிக்கைகளும் உண்மைகளும்: செலவுக் கணக்கை எதில் எழுதுவது?

குடும்பச் செலவுக்குக் கணக்கு வைக்க விரும்புகிறவர்கள், நோட்டுப் புத்தகம், எக்செல் தாள், கைப்பேசிச் செயலி ஆகிய மூன்றில் எது சிறந்தது என்றே முதலில் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் விடை இதற்குக் கிடையாது. ஒரு வீட்டில் பணம் எந்த வழியாக வெளியே போகிறது என்பதையும், அதை எழுத வேண்டியவர் எந்த வேளையில் எழுதக்கூடிய சுபாவமுடையவர் என்பதையும் அறிந்த பின்னரே சாதனத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். இவ்விரண்டையும் ஆராயாமல் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமாக இருக்கும் மூன்று நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: செயலியை வைத்துக்கொண்டால் கணக்கு தானாகவே எழுதப்பட்டுவிடும்.

உண்மை: தானாகக் கணக்கெழுதும் செயலிகளிற் பல, வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்தே எழுதுகின்றன. ஆகவே குறுஞ்செய்தியில் இல்லாத செலவு கணக்கிலும் இருக்காது. ஒரே செலவுக்கு இரண்டு செய்திகள் வந்தால் அது இரண்டு செலவாகப் பதிவாகிவிடவும் கூடும்.

ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். மாதத் தொடக்கத்தில் வங்கியில் 8,000 ரூபாய் இருக்கிறது; கையில் ரொக்கம் இல்லை. சம்பளம் 40,000 ரூபாய் வருகிறது. ஆக மொத்தம் 48,000. மாதக் கடைசியில் செயலி 46,200 ரூபாய் செலவு என்று காட்டுகிறது. அது மெய்யானால் மிச்சம் 1,800 ரூபாயாக இருக்கவேண்டும். ஆனால் வங்கியில் 7,800, பணப்பையில் 1,200, ஆக 9,000 ரூபாய் பிரத்தியட்சமாக இருக்கிறது. உண்மைச் செலவு 39,000 மட்டுமே.

இந்த 7,200 ரூபாய் வித்தியாசம் எவ்வாறு வந்தது? மாத முற்பகுதியில் கிரெடிட் கார்டில் 6,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியபோது ஒரு செய்தி வந்தது. பிற்பகுதியில் அந்தக் கார்டு பில்லை வங்கிக் கணக்கிலிருந்து கட்டியபோது மற்றொரு செய்தி வந்தது. செயலி இரண்டையும் செலவென்று கூட்டிவிட்டது. ஏ.டி.எம்.மில் எடுத்த 5,000 ரூபாயையும் அது முழுச் செலவாகவே கொண்டது. அதில் 1,200 ரூபாயோ இன்னும் பையிலேயே இருக்கிறது.

தொகையில் பிழையில்லாத இடத்திலும் விவரம் இல்லாமற் போவதுண்டு. இக்குடும்பத்தினர் யூ.பி.ஐ. லைட்டில் 500 ரூபாய் வீதம் நான்கு முறை பணம் ஏற்றி, அதைத் தேநீருக்கும் பூவுக்கும் ஷேர் ஆட்டோவுக்குமாகச் செலவழித்திருக்கிறார்கள். வங்கியின் கணக்கில் தெரிவது பணம் ஏற்றிய நான்கு வரிகள் மட்டுமே. 2,000 ரூபாய் எங்கே போயிற்று என்பதற்கு அங்கே பதில் இல்லை.

ஆகையால் செயலி யாருக்குப் பொருந்தும் என்றால், பணம் கொடுத்த அந்தக் கணமே கைப்பேசியில் தொகையையும் தலைப்பையும் தாமே பதிந்துவிடும் வழக்கமுள்ளவர்களுக்குப் பொருந்தும். எதையும் பதியாமல் செயலியையே நம்பியிருப்பவர், கார்டு பில் கட்டியதும் தம்முடைய ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் மாற்றியதும் செலவுப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறையேனும் பார்த்து நீக்கியாக வேண்டும்.

நம்பிக்கை 2: நோட்டுப் புத்தகம் பழைய காலத்துச் சாதனம், இக்காலத்துக்கு உதவாது.

உண்மை: ரொக்கச் செலவைப் பொறுத்தவரையில் நோட்டே இன்றும் நம்பத்தக்கது. காய்கறிச் சந்தையிலும் கோயில் வாசலிலும், வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடமும் கொடுக்கும் ரொக்கத்துக்கு எந்தக் குறுஞ்செய்தியும் வருவதில்லை, எழுதினால்தான் உண்டு.

நோட்டினால் பயன் பெறுவதற்குத் தேதி, விவரம், வரவு, செலவு என்னும் கட்டங்களோடு இருப்பு என்ற ஐந்தாவது கட்டமும் அவசியம். இரவில் பணப்பையை எண்ணி, அத்தொகையை அன்றைய இருப்போடு ஒப்பிட வேண்டும். நோட்டில் 640 என்று இருந்து பையில் 590 இருக்குமானால், விட்டுப்போன ஐம்பது ரூபாய் எங்கே என்பது அன்றிரவே ஞாபகத்துக்கு வந்துவிடும். நான்கு நாட்கள் கழிந்த பின் வராது.

ஆதலால் நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட வேளையில் வீட்டில் உட்காரக்கூடியவருக்கே நோட்டு ஏற்றது. கணவனும் மனைவியும் வெவ்வேறு இடங்களில் செலவழித்து வெவ்வேறு நேரங்களில் வீடு திரும்பும் குடும்பத்தில், ஒருவருடைய செலவு மற்றவர் நோட்டில் ஏறாமலே போய்விடும். மருந்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால், பன்னிரண்டு மாதத்துப் பக்கங்களையும் புரட்டிக் கூட்டவேண்டிய சிரமமும் நோட்டில் உண்டு.

நம்பிக்கை 3: எக்செல் தாள் கணினி வல்லவர்களுக்கே உரியது.

உண்மை: வீட்டுக் கணக்குக்கு இரண்டே சூத்திரங்கள் போதும். A பத்தியில் தேதி, B பத்தியில் தலைப்பு, C பத்தியில் தொகை என்று எழுதிவந்தால், முதற் சூத்திரம் மொத்தச் செலவையும், இரண்டாவது ஒரு தலைப்பின் செலவையும் தந்துவிடும்.

```
=SUM(C2:C200)
=SUMIF(B2:B200,"மளிகை",C2:C200)
```

தவறு நேர்வது பெரும்பாலும் தலைப்பை எழுதுவதில்தான். ஒரு நாள் "மளிகை" என்றும் மறுநாள் "மளிகை சாமான்" என்றும் எழுதினால், பின்னது இரண்டாவது சூத்திரத்தின் கண்ணிற் படாது. எல்லாத் தலைப்புகளின் தொகையையும் கூட்டிப் பார்த்து, அது மொத்தத்தினும் குறைந்திருந்தால் இப்பிழை நேர்ந்திருக்கிறதென்று அறியலாம். Data Validation வசதியைக் கொண்டு, தலைப்பைப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

பெரும்பாலான பணம் வங்கி வழியாகவே போகும் குடும்பத்துக்கும், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்காரும் வழக்கமுள்ளவருக்கும் இத்தாள் உகந்தது. வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவிறக்கித் தாளில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் தலைப்பிட்டால் வேலை முடிந்தது. மாதக் கடைசிக்கு ஒத்திப்போட்டால் ஒரு தொல்லை உண்டு: சிறு கடைகளுக்குச் செலுத்திய பணம் கடைக்காரரின் சொந்தப் பெயரிலேயே பதிவாகியிருக்குமாதலால், மூன்று வாரத்துக்கு முன் அவரிடம் வாங்கியது பழமா, பேனாவா என்பது நினைவுக்கு வராது.

முடிவாக

ஒரே சாதனத்தில்தான் முழுக் கணக்கும் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. மேலே சொன்ன குடும்பத்தில், ரொக்கத்தைக் கையாள்பவர் நோட்டில் எழுதி, வங்கிச் செலவுகளை வாரந்தோறும் தாளில் ஏற்றி, ஏ.டி.எம்.மில் எடுத்ததைத் தாளில் செலவாகக் கொள்ளாமல் நோட்டில் வரவாக வைத்திருந்தால், 39,000 என்ற உண்மைத் தொகையே கிடைத்திருக்கும். செயலியை உபயோகிப்பவர்கள் மாதந்தோறும் தங்கள் பதிவுகளை வெளியே எடுத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் செயலியே ஒரு நாள் மூடப்பட்டுவிடக்கூடும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பிரபலமாக இருந்த மின்ட் என்னும் செலவுக் கணக்குச் செயலியை அதன் உரிமையாளரான இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மாதம் கழித்து ஒரு சோதனை செய்து பாருங்கள். தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, எழுதிய செலவைக் கழித்து, வருகிற தொகையை வங்கியிலும் கையிலும் உள்ள பணத்தோடு ஒப்பிடுங்கள். கையில் இருப்பது குறைவாக இருந்தால் செலவு எழுதப்படாமல் போயிருக்கிறது. அதிகமாக இருந்தால் வரவு விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு செலவு இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு மாதங்கள் தொடர்ந்து பெரிய வித்தியாசம் வருமானால், அச்சாதனம் உங்கள் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லையென்று கொண்டு, தயங்காமல் வேறொன்றுக்கு மாறுங்கள்.