கண்காணிப்பா, எச்சரிக்கையா: கடலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து தூத்தூர்ப் பக்கத்துத் தூண்டில் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகின்றன. அந்தக் குடும்பங்களில் பலர் வானொலியில் ‘புயல் எச்சரிக்கை’ என்று கேட்கும் வரை பொறுத்திருக்கிறார்கள். அதற்கு முன் வரும் ‘கண்காணிப்பு’ வெறும் முன்னறிவிப்பு என்பது அவர்கள் எண்ணம். கடலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

வானிலைத் துறை கண்காணிப்பை ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பும், எச்சரிக்கையைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பும் தருகிறது. இடையில் 48 மணி நேர உஷார்நிலை ஒன்றும் உண்டு. ஆனால் இந்த மணிக்கணக்கெல்லாம் கரையில் வானிலை மோசமாகும் நேரத்தை வைத்துப் போடப்படுவது. கொச்சிக்கு மேற்கே 150 கடல் மைலில் ஒரு படகு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 கடல் மைல் ஓடினால் கரைசேர 25 மணி நேரம் ஆகும். விட்ட தூண்டிலை இழுத்து ஏற்றும் நேரமும், எதிர்காற்றில் குறையும் வேகமும் அதற்கு மேல். எச்சரிக்கையைக் கேட்டுத் திரும்பும் படகு புயலுக்குள்தான் ஓட வேண்டியிருக்கும். செய்தி அந்தப் படகுக்கு எட்டுமா என்பதும் சந்தேகம். கைபேசி கரையருகே மட்டும்தான் எடுக்கும், வயர்லெஸ்ஸும் சில பத்து மைலோடு சரி.

2017 ஒக்கி இன்னும் கொடிய பாடம். நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 காலை கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலாகிவிட்டது. கண்காணிப்பு, உஷார்நிலை என்று படிப்படியாக வர அங்கே நாளே இல்லை. 29-ஆம் தேதி வந்தது கடலுக்குப் போக வேண்டாம் என்ற மீனவர் எச்சரிக்கை. அதில் புயல் என்ற சொல் இல்லாததால் அதன் கனம் பலருக்குப் புரியவில்லை; ஏற்கெனவே போயிருந்தவர்களுக்கு அது எட்டவும் இல்லை. காற்று மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டும் என்றாலே மீனவர் எச்சரிக்கை வரும். புயல் என்று பெயர் பெற 62-ஐத் தொட வேண்டும். சிறு படகைக் கவிழ்க்க முதல் எண்ணே போதும்.

ஒவ்வொரு தாழ்வுக்கும் திரும்பினால் டீசலுக்கு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பல தாழ்வுகள் புயலாகாமலே கலைந்துபோகின்றன. ஆனால் கண்காணிப்பு வந்ததும் திரும்பியே ஆக வேண்டும் என்பதில்லை. படகு எங்கே நிற்கிறது, கரைசேர எத்தனை மணி நேரம் என்று அன்றே கணக்கிட வேண்டும். துறையில் இருப்பவர்களிடம் சொல்லி, படகுக்குப் படகு வயர்லெஸ்ஸில் செய்தியைக் கடத்த வேண்டும். ஒரு நாளுக்கு மேல் ஓட வேண்டிய படகு மேலும் வெளியே போகாமல் கரைப்பக்கமாகத் தொழிலை நகர்த்த வேண்டும். தாழ்வு மண்டலம் என்று அறிவித்துவிட்டால் அந்தப் படகு தூண்டிலை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். டீசல் நஷ்டத்தை அடுத்த ஓட்டத்தில் சரிக்கட்டலாம்.

புயல் எச்சரிக்கை கரையில் இருப்பவர்களுக்கானது. வள்ளத்தை மேலே ஏற்றவும், எஞ்சினைக் கழற்றி வைக்கவும், ரேஷன் அட்டையையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போகவும் 24 மணி நேரம் தாராளம். ஆனால் புயல் நம் கரையைத் தொடாது என்ற செய்தியை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ஒக்கி கொச்சியில் கரை கடக்கவில்லை. ஆனாலும் செல்லானத்தில் கடல் வீடுகளுக்குள் ஏறியது.