முதல் இலக்கம் காட்டும் தடயம்

ஒரு பெரிய நிறுவனத்தின் ஓராண்டுக் கணக்கேட்டில் ஆயிரக்கணக்கான தொகைகள் பதிவாகியிருக்கும். 4,820 ரிங்கிட் என்னும் தொகையின் முதல் இலக்கம் 4. 137 ரிங்கிட் 50 சென் என்பதன் முதல் இலக்கம் 1. இவ்வாறு எல்லாத் தொகைகளின் முதல் இலக்கத்தையும் எண்ணிப் பார்த்தால், 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஏறத்தாழச் சமமாக வரும் என்றே நாம் எதிர்பார்ப்போம். உண்மையான கணக்குகளில் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஏறக்குறைய 30 விழுக்காட்டுத் தொகைகள் 1இல் தொடங்குகின்றன. 2இல் தொடங்குபவை 17.6 விழுக்காடு, 3இல் தொடங்குபவை 12.5 விழுக்காடு. இப்படியே குறைந்துகொண்டு போய், 9இல் தொடங்குபவை 4.6 விழுக்காடாகி விடுகின்றன.

இதை முதலில் கவனித்தவர் சைமன் நியூகோம் என்னும் அமெரிக்க வானியலாளர். அக்காலத்தில் கணக்கிடுவதற்கு மடக்கை அட்டவணை நூல்களைப் பயன்படுத்தினார்கள். அந்நூல்களின் தொடக்கப் பக்கங்கள் மற்றப் பக்கங்களைவிட அதிகமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு, 1881இல் அவர் அதுபற்றி எழுதினார். பிறகு 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்னும் இயற்பியலாளர், ஆற்றுப் பரப்பளவு, மக்கள் தொகை எனப் பலவகைப்பட்ட 20,000க்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டி இதை விரிவாக ஆராய்ந்தார். அதனால் இது பென்ஃபோர்டு விதி என்று பெயர் பெற்றது. பாவம், நியூகோமின் பெயர் விடுபட்டுவிட்டது.

ஏன் 1க்கு மட்டும் இவ்வளவு பங்கு? ஒரு சேமிப்பை எடுத்துக்கொள்வோம். 1,000 ரிங்கிட் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்கிறது. அடுத்த ஆண்டு அது 1,100, அதற்கடுத்த ஆண்டு 1,210, பிறகு 1,331. முதல் இலக்கம் 1 என்பதிலிருந்து 2க்கு மாற வேண்டுமானால், பணம் இருமடங்காக வேண்டும். அதற்கு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பல ஆண்டுகள் கழித்து அத்தொகை 9,850 ரிங்கிட்டை எட்டுகிறது. அதற்கு அடுத்த ஆண்டே 10,000ஐத் தாண்டி, முதல் இலக்கம் மீண்டும் 1 ஆகிவிடுகிறது. 1,000இலிருந்து 10,000ஐத் தாண்டும் வரை வரும் 25 தொகைகளில் எட்டு 1இல் தொடங்குகின்றன. ஒன்றே ஒன்றுதான் 9இல் தொடங்குகிறது. வணிகத்தில் வரும் தொகைகளும் பெருக்கத்தால் உருவாகுபவை. விலையை எண்ணிக்கையால் பெருக்குகிறோம். அதன்மேல் வரியைக் கூட்டுகிறோம். சிறிய தொகையும் பெரிய தொகையும் கலந்து வருகின்றன. ஆகவேதான் அவற்றிலும் இந்த அமைப்பு தோன்றுகிறது.

பொய்க்கணக்கு எழுதுபவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. தொகை இயல்பாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக அவர் முழு எண்களைத் தவிர்க்கிறார். சில்லறையையும் சேர்த்து எழுதுகிறார். கடைசி இலக்கங்களில் காட்டும் கவனத்தை முதல் இலக்கத்தில் அவர் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்த வழக்கு இதற்குத் தெளிவான சான்று. அம்மாநிலக் கருவூல அலுவலகத்தில் மேலாளராக இருந்த ஒருவர், 1992 அக்டோபரில், உண்மையில் இல்லாத ஒரு விற்பனையாளரின் பெயரில் 23 காசோலைகளை எழுதினார். அக்டோபர் 9ஆம் நாள் இரண்டு காசோலைகள் மட்டும்: 1,927.48 டாலர், 27,902.31 டாலர். ஐந்து நாள் கழித்து நான்கு. அவற்றுள் ஒன்று 97,473.96 டாலர். அக்டோபர் 19ஆம் நாள் துணிச்சல் முற்றிப் பதினேழு காசோலைகள். மொத்தம் 1,878,687.58 டாலர். புதிய கணினி முறையில் பாதுகாப்பு இல்லை என்று காட்டவே அப்படிச் செய்ததாக அவர் சொன்னார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

பின்னர், கணக்கியல் ஆய்வாளர் மார்க் நிக்ரினி இத்தொகைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதினார். அவற்றில் ஒரு தொகைகூட இருமுறை வரவில்லை. எல்லாவற்றிலும் சில்லறை இருந்தது. ஆனால் 23 காசோலைகளில் 21இன் தொகை 7, 8 அல்லது 9இல் தொடங்கியது. பென்ஃபோர்டு விதிப்படி இம்மூன்று இலக்கங்களுக்கும் சேர்த்து 15.5 விழுக்காடுதான் பங்கு. அதாவது, 23இல் மூன்று அல்லது நான்கு. ஒரு தொகைகூட 100,000 டாலரைத் தொடவில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் கூடுதல் கண்காணிப்பு வரும் என்று அஞ்சி, அதற்குச் சற்றுக் கீழேயே அவர் நின்றிருக்கலாம்.

இக்காலக் கணக்காய்வாளர்கள் இச்சோதனையைக் கணினியில் சில நிமிடங்களில் செய்துவிடுகிறார்கள். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு நிறுவனம் ஓராண்டில் 2,000 முறை பணம் கொடுத்திருக்கிறது என்று கற்பனை செய்துகொள்வோம். 4இல் தொடங்கும் தொகைகள் ஏறத்தாழ 194 இருக்க வேண்டும். ஆனால் 430 இருக்கின்றன. உடனே யாரையாவது திருடன் என்று சொல்லிவிடலாமா? கணக்காய்வாளர் அந்த 430 தொகைகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கிறார். 240 தொகைகள் ஒரே மாதிரி 45 ரிங்கிட். இருபது ஊழியர்களுக்கு மாதந்தோறும் கொடுத்த தொலைபேசிப் படி அது! பன்னிரண்டு மாதத்திற்குக் கணக்குச் சரியாக இருக்கிறது. அவற்றை நீக்கினால் 4இன் மிகுதி மறைந்துவிடுகிறது.

மீதமுள்ள 1,760 தொகைகளில் இன்னொன்று உறுத்துகிறது. 9இல் தொடங்குபவை 81 அளவில் இருக்க வேண்டும், 150 இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 950க்கும் 1,000க்கும் இடைப்பட்டவை. அந்நிறுவனத்தில் 1,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் செலவழிக்க மேலாளரின் கையொப்பம் வேண்டும். இப்போது சந்தேகத்திற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எல்லா எண்களுக்கும் இச்சோதனை பொருந்தாது. ஒரு வகுப்பு மாணவர்களின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதினால், எல்லாம் 1இல்தான் தொடங்கும். தொலைபேசி எண்கள் வழங்கப்படுபவை, அளக்கப்படுபவை அல்ல. சில பொருள்களையே நிலையான விலையில் விற்கும் சிற்றுண்டிச்சாலையின் கணக்கும் விதியிலிருந்து விலகி நிற்கும். பதிவுகள் சில பத்துகளே இருந்தால், தற்செயலாகவும் விலகல் ஏற்படும். நம்பிப் பார்க்கச் சில நூறாவது வேண்டும். அரிசோனாவின் 23 காசோலைகளைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்ததால்தான் அவை அப்பட்டமாகத் தெரிகின்றன. அவை பல்லாயிரம் உண்மைக் காசோலைகளுக்கு நடுவே கிடந்திருந்தால், விழுக்காடு அசைந்திருக்காது. கணக்கேட்டில் எழுதாமலே பெட்டியிலிருந்து எடுத்த பணத்தையும் இது காட்டாது.

அந்த 9இல் தொடங்கும் தொகைகளுக்குத் திரும்புவோம். கணக்காய்வாளர் அவற்றுக்குரிய பற்றுச்சீட்டுகளை வெளியே எடுக்கச் சொல்கிறார். பொருள் வந்து சேர்ந்ததற்குக் கையொப்பம் உண்டா, விற்பனையாளரின் முகவரியில் உண்மையிலேயே ஒரு கடை இருக்கிறதா, அவருடைய வங்கிக் கணக்கு எண் ஊழியர் எவருடைய எண்ணோடாவது ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். கடை இல்லையென்றால் அது மோசடி. கடையும் இருந்து, பொருளும் கிடங்கில் இருந்தால், கையொப்பத்திற்குக் காத்திருக்க விரும்பாத ஊழியர் ஒருவர் பெரிய கொள்முதலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அது விதிமீறல்தான், ஆனால் அவர் ஒரு சென்கூட எடுக்கவில்லை.