புரோட்டாக் கடையில் நண்பர்களோடு

நம்பிக்கை: ராத்திரி புரோட்டாக் கடைக்குப் போவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டும்.

உண்மை: மதுரையில் நண்பர்கள் கூடிச் சாப்பிட உட்காரும்போது எட்டரை, ஒன்பது மணி ஆகிவிடும். காலி வயிற்றோடு போனால் சுக்கா வருவதற்குள் இரண்டு புரோட்டா உள்ளே போய்விடும். ஒரு புரோட்டாவுக்கு 60 கிராம் மைதா என்று வைத்தால் அதிலேயே 210 கலோரி. 10 கிராம் எண்ணெய் ஊறினால் இன்னும் 90. ஆக ஒன்று 300. மூன்று சாப்பிட்டால் 900. மதியம் வழக்கம்போல் சாப்பிடுங்கள், சோற்றை மட்டும் கொஞ்சம் குறைத்து. சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல் போதும், கடையில் நிதானம் வரும்.

நம்பிக்கை: சால்னா வெறும் குழம்புதானே.

உண்மை: மேலே மிதக்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி இருந்தாலே 120 கலோரி. பிய்த்துப் போட்ட புரோட்டாவின் மேல் ஊற்றினால் அத்தனையையும் அது உறிஞ்சிக்கொள்ளும். "சால்னாவைக் கிண்ணத்துல குடுங்கண்ணே" என்று கேட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் பாதி கிண்ணத்திலேயே நின்றுவிடும். அப்படிக் கேட்பது எந்தக் கடையிலும் புதிதில்லை.

நம்பிக்கை: குறைவாகச் சாப்பிட்டால் எல்லாரும் கவனிப்பார்கள், காரணம் சொல்லியாக வேண்டும்.

உண்மை: கண்ணில் படுவது காலி இலைதான். இலை காலியானால் பரிமாறுபவர் அடுத்ததை வைத்துவிடுவார். சீக்கிரம் மடித்துவிட்டால் மற்றவர்களுக்கு அவசரம் தட்டும். கால் புரோட்டாவை இலையில் மிச்சம் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். "இன்னொண்ணு வைக்கவா?" என்றால் "இருக்குண்ணே, அப்புறம் வாங்கிக்கிறேன்." அவ்வளவுதான், விளக்கம் எதுவும் வேண்டாம்.

ஆர்டரை முதலில் நீங்களே சொல்லிவிடுவது இதைவிடப் பெரிய உதவி. நாலு பேர் என்றால் நடுவில் வைக்க இரண்டு சுக்கா, ஆளுக்கொரு கலக்கி, முதல் சுற்றுக்கு ஆளுக்கு ஒரு புரோட்டா. கறியும் முட்டையும் வயிற்றை நிறைத்துவிடுவதால் இரண்டாவது புரோட்டாவை இன்னொருவரோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றுக்குப் பதில் ஒன்றரை. 450 கலோரி மிச்சம். சுக்காவிலும் எண்ணெய் உண்டு, ஆகவே மசாலாவை வழித்தெடுக்காமல் துண்டுகளை மட்டும் எடுங்கள். கொத்து புரோட்டா வந்தால் இந்தக் கணக்கு கலைந்துவிடும். எத்தனை புரோட்டா உள்ளே போனது என்றே தெரியாது.

நம்பிக்கை: ஜிகர்தண்டா குளிர்ச்சிதான், கணக்கில் வராது.

உண்மை: பாதாம் பிசினில் பெரிதாக ஒன்றுமில்லை. சுண்டிய பாலிலும் சர்பத்திலும் ஐஸ்கிரீமிலும்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒன்று சொல்லுங்கள்.

நம்பிக்கை: ஒரு ராத்திரியில் வாரம் முழுக்கப் பட்ட பாடு வீண்.

உண்மை: தினம் 400 கலோரி குறைத்து வந்தால் வாரத்துக்கு 2,800. அன்று 800 கூடிப்போனாலும் 2,000 பாக்கி நிற்கும். மறுநாள் காலை எடை ஒரு கிலோ ஏறிக் காட்டினால், அதில் பெரும்பகுதி உப்பு பிடித்துவைத்த தண்ணீரும் குடலில் இருக்கும் உணவும். இரண்டு, மூன்று நாள் கழித்து ஏறி நின்று பாருங்கள்.