தாகம் தீர்க்கும் நீரும் பரமபதத்து நிறைகுடமும்



திருவாய்மொழி பத்தாம் பத்தில் ஒன்பதாம் திருவாய்மொழி, முக்தன் அர்ச்சிராதி மார்க்கத்தில் செல்வதையும் வைகுந்தத்தில் நிறைகுடமும் விளக்கும் ஏந்தி அவனை எதிர்கொள்வதையும் காட்டுகிறது. அதே நாட்களில் இங்கே மகன் கல்லை ஊன்றி, தகப்பனாரின் தாகம் தீர நீர் வார்க்கிறான். அங்கே நிறைகுடம், இங்கே தாகம். ப்ரபந்நராய்ப் பரமபதித்தவருக்கு ஏது தாகம் என்னும் ஐயம் கர்த்தாவின் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்கு முன் க்ரியையின் முறையைக் காண்போம்.

தஹநத்தால் உண்டான தாபமும் தாகமும் தணிய என்று ஸங்கல்பித்து, கர்த்தா பூணூலை இடமாக்கித் தெற்கு நோக்கி அமர்கிறார். வஸ்திரத் துண்டை நனைத்துக் கல்லின்மேல் பிழிவது வாஸோதகம். எள்ளும் நீரும் வார்ப்பது திலோதகம். ஒவ்வொரு முறையும் பரமபதித்தவரின் கோத்ரமும் பெயரும் சொல்லப்படும். பத்து நாளும் கர்த்தா ஒருவேளை உண்டு, தரையில் படுப்பார். பத்தாம் நாள் கல் எடுக்கப்படும்.

பொதுவான வழக்கில் வாஸோதகம் நாள்தோறும் 3. திலோதகமோ முதல் நாள் 3, பின் நாளுக்கு ஒன்று கூடிப் பத்தாம் நாள் 12. இதற்கு ஏகோத்தர வ்ருத்தி என்று பெயர். நாளின் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் அன்றைய திலோதகக் கணக்கு வந்துவிடும். பத்து நாளில் வாஸோதகம் 30, திலோதகம் 75 ஆக வேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு நாள் விடுபட்டது என்று அறியலாம்.

தஹநம் முடிந்தும் கல் ஊன்றுவது நான்காம் நாளே வாய்த்தது என்று கொள்வோம். விடுபட்ட மூன்று நாளுக்கும் வாஸோதகம் 9, திலோதகம் 3, 4, 5 ஆக 12. அன்றைய கணக்கு 3, 6. ஆகவே அன்று வாஸோதகம் 12, திலோதகம் 18 சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் முதல் வழக்கமான கணக்கே தொடரும். குல வழக்கில் வேறுபாடு இருப்பின் வாத்யார் சொற்படி நடக்க வேண்டும்.

இனி ஐயத்திற்கு வருவோம். ப்ரபந்நனுடைய பேறு எம்பெருமானுடைய பொறுப்பு. மகன் வார்க்கும் நீர் அதைத் தருவதுமில்லை, வாராமை அதைத் தடுப்பதுமில்லை. ஆயினும் இக்கர்மம் சாஸ்த்ரமாகிய பகவதாஜ்ஞை. நான் செய்கிறேன், இதன் பலன் எனக்கு என்னும் எண்ணங்களை விட்டு ஸாத்விக த்யாகத்தோடு செய்யும்போது அது கைங்கர்யமாகிறது. பன்னிரண்டாம் நாள் ஸபிண்டீகரணம் நிறைவேறி, தீட்டு நீங்கி, சுபஸ்வீகாரத்தன்று இயல் கோஷ்டி சேவிக்கையில், பத்து நாள் நீர் வார்த்த கைகளே கூப்பி நிற்கின்றன. தாகம் தீர்த்த நீர் எம்பெருமான் ஆணைக்கு அடங்கிய மகனது தொண்டு. நிறைகுடம் அவன் அருள். இரண்டும் முரணல்ல.