இரண்டின் வர்க்கமூலம்

பக்கம் ஒரு மீட்டர் உள்ள சதுரம் ஒன்றை வரைக. அதன் மூலைவிட்டத்தின் நீளம் என்ன? பிதாகரஸ் தேற்றத்தின்படி அந்நீளத்தின் வர்க்கம் 1 + 1 = 2 ஆகும். எனவே நீளம் √2 மீட்டர். இதனை ஒரு பின்னமாக எழுத இயலுமா?

முயன்று பார்ப்போம். 7/5 என்னும் பின்னத்தை எடுத்துக்கொண்டால், 7இன் வர்க்கம் 49; 5இன் வர்க்கத்தின் இருமடங்கு 50. ஒன்று குறைகிறது. 17/12 என்பதில் 289, 288 எனக் கிடைக்கின்றன; ஒன்று மிகுகிறது. வேள்வி மேடைகளை அளந்து அமைக்கும் முறைகளைக் கூறும் பௌதாயனரின் சுல்ப சூத்திரத்தில் உள்ள விதியின்படி √2இன் மதிப்பு 577/408 ஆகிறது. மிக நுட்பமான மதிப்புத்தான். எனினும் 577இன் வர்க்கம் 332929. 408இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928. இங்கும் அந்த ஒன்று நீங்கவில்லை!

இன்னும் பெரிய எண்களை எடுத்தால் சரியான விடை கிட்டிவிடும் என்று தோன்றலாம். ஆனால் பின்னங்கள் எண்ணற்றவை; அனைத்தையும் சோதித்து முடிக்க எவராலும் இயலாது. ஆகவே, மறுக்க வேண்டிய கூற்றையே உண்மை எனக் கொண்டு, அது எங்கே இட்டுச் செல்கிறது என்று காண்போம். இம்முறைக்கு முரண்பாட்டின் வழி நிறுவுதல் என்று பெயர்.

√2 = p/q எனக் கொள்வோம். p, q இரண்டும் மிகை முழு எண்கள். பின்னம் முற்றிலும் சுருக்கப்பட்டது. அதாவது, 1 தவிர வேறு எந்த எண்ணும் இரண்டையும் மீதியின்றி வகுக்காது. இந்நிபந்தனையை மறவாதீர்கள்; இறுதியில் உடையப்போவது இதுவே.

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் p² = 2q². எனவே p² ஓர் இரட்டை எண். அவ்வாறாயின் p ஒற்றை எண்ணாக இருக்கலாமா? இருக்கலாகாது. ஒற்றை எண்ணை 2m + 1 என எழுதலாம். அதன் வர்க்கம் 4m² + 4m + 1. இதுவும் ஒற்றை எண்ணே. ஆகவே p இரட்டை எண்.

p = 2k என எழுதி மேற்கண்ட சமன்பாட்டில் பதிலிட்டால் 4k² = 2q². இருபுறமும் 2ஆல் வகுக்க, q² = 2k². முன்பு p பற்றிக் கூறிய அதே காரணத்தால் q-வும் இரட்டை எண் ஆகிறது. p, q இரண்டையும் 2 வகுக்கிறது. ஆனால் அவற்றுக்குப் பொதுக் காரணி இல்லை என்றல்லவா தொடங்கினோம்? இடையில் உள்ள படிகளில் பிழை இல்லை. எனவே தொடக்கத்தில் கொண்ட கூற்றே தவறு. √2 ஒரு விகிதமுறா எண்.

இதே வாதத்தை √4க்குப் பொருத்தினால் என்ன ஆகும்? √4 = 2 என்பது விகிதமுறு எண் ஆயிற்றே! p² = 4q² என்பதால் p²ஐ 4 வகுக்கும். ஆயினும் pஐ 4 வகுக்க வேண்டும் என்பதில்லை. 36ஐ 4 வகுக்கிறது, 6ஐ வகுப்பதில்லை. வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

பயிற்சி: √3 ஒரு விகிதமுறா எண் என நிறுவுக. p²ஐ 3 வகுத்தால் pஐயும் 3 வகுக்கும் என்பதை முதலில் காட்டுக. (குறிப்பு: 3m + 1, 3m + 2 ஆகியவற்றின் வர்க்கங்களைக் காண்க.)