ஹூக் தலைக்கு மேலே: பாம்பனில் ஐந்து நிமிடப் பேச்சு

பாம்பன் ரயில் பாலத்தின் கர்டரில் நின்று பெயின்ட் அடிக்கப் போகிறவர்களிடம், ஷிஃப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பல சைட்டுகளில் அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஹெல்மெட், ஷூ, கரண்ட், காற்று எல்லாம் வந்துபோகும். மேலே ஏறும்போது ஒன்றும் மனதில் இருக்காது. ஒரு காலைக்கு ஒரு விதி போதும். காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பாம்பனில் ரயிலை நிறுத்துவார்களே, அந்தப் பேச்சைக்கூட நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விதி: பெல்ட் ஹூக்கைத் தலைக்கு மேலே மாட்ட வேண்டும்.

பாம்பனில் இது ஏன் முக்கியம் என்பதைச் சூப்பர்வைசர் முதலில் கணக்காகப் புரிந்துகொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே போனால், கப்பலுக்கு 22 மீட்டர் உயர இடைவெளி கிடைக்கிறது. அப்படியென்றால் அது இறங்கி நிற்கும்போது அடிப்பாகத்துக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 5 மீட்டர்தான்.

இனி பெல்ட்டைப் பாருங்கள். கயிறு 1.8 மீட்டர். விழுந்தவுடன் அதிர்ச்சியைத் தாங்கும் பை பிரிந்து 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். மேலும் 1 மீட்டர் காப்பு இடைவெளி. கூட்டினால் சுமார் 6 மீட்டர். ஹூக்கைக் காலடியில் மாட்டியவருக்குப் பாதத்துக்குக் கீழே 6 மீட்டர் வேண்டும், இருப்பதோ 5. பெல்ட் முழுதாகப் பிடிக்குமுன்பே பாதம் தண்ணீரைத் தொட்டுவிடும். அதே ஹூக் பாதத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 4 மீட்டர் போதும். ஹூக் உயரும் அளவுக்கு விழும் தூரமும் குறைவதால், பை முழுதாகப் பிரியவும் தேவை இருக்காது.

இந்தக் கணக்கை ஆட்களிடம் ஒப்பிக்க வேண்டாம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஹூக்கைக் கையில் பிடித்தபடி இப்படிப் பேசலாம்:

"அண்ணே, தம்பிகளா, கொஞ்சம் பக்கத்துல வாங்க. இன்னைக்கு ஒரே ஒரு விஷயம். ஹூக்கை எங்க மாட்டணும்? தலைக்கு மேல. இங்க பாருங்க, கால்கிட்ட மாட்டுனா விழுறப்ப கயிறு முழுசா கீழ போயிரும். பை வேற பிரியும். அதுக்குள்ள கீழ தண்ணி வந்துரும்.

நமக்கு நீச்சல் தெரியும், விழுந்தா நீந்திக்கலாம்னு சிலர் நினைப்பீங்க. கடலோரத்துல பொறந்தவங்கதான, தெரியும். ஆனா பெல்ட் கயிறு பாலத்துல மாட்டியிருக்கு, காலுல ஷூ, கீழ பாறை, நீரோட்டம் வேற இழுக்குது. அப்ப நீச்சல் என்ன செய்யும்?

ரெண்டு ஹூக் இருக்கு. நகரும்போது ஒண்ணை மேல மாட்டுன பிறகுதான் இன்னொண்ணைக் கழட்டணும். ரெண்டும் ஒரே நேரத்துல கையில இருக்கக் கூடாது. தலைக்கு மேல மாட்ட இடம் இல்லைன்னா வேலையை ஆரம்பிக்காம என்னைக் கூப்பிடுங்க. லைஃப்லைன் கட்டித் தர்றது என் வேலை.

இப்ப எல்லாரும் உங்க ஹூக்கைத் திறந்து மூடிப் பாருங்க. வாய் தானா மூடலைன்னா இங்க வச்சிட்டு வேற எடுத்துக்கங்க."

கடைசி வரியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். உப்புக் காற்றில் ஹூக்கின் ஸ்பிரிங் இறுகி, வாய் பாதி திறந்தபடி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மாட்டியதுபோலவே தெரியும். அதிர்ச்சிப் பையின் தையல் பிரிந்திருந்தாலோ, ஒருமுறை யாரையாவது தாங்கியிருந்தாலோ, அந்தப் பெல்ட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள். மூலையில் வைத்தால் மறுநாள் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்.

பேசியபின் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரைக் கூப்பிட்டு, "நீ நிக்கப் போற இடத்துல எங்க மாட்டுவ, கையைக் காட்டு" என்று கேளுங்கள். தமிழ் தெரியாத வடமாநில ஆட்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். தவறாகச் செய்தால் அங்கேயே திருத்தலாம். லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பவரின் முதுகு வளையம் ஜாக்கெட்டுக்குள் மறைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இந்த விதிக்கும் ஒரு எல்லை உண்டு. சாரம் கர்டருக்குக் கீழே இன்னும் 2 மீட்டர் தொங்கினால், பாதத்துக்கும் கடலுக்கும் நடுவே 3 மீட்டர்தான் மிஞ்சும். அங்கே தலைக்கு மேலே மாட்டினாலும் 4 மீட்டர் கிடைக்காது. நீளக் கயிற்றை எடுத்துவிட்டு, இழுத்தவுடன் பூட்டிக்கொள்ளும் சுருள் கயிறு கேளுங்கள். அது வரும்வரை அந்தச் சாரத்தில் ஆளை ஏற்றாதீர்கள்.